மூன்று C0001, ஒரு விளக்கு: எடிட்டிங் இன்டர்னுக்குக் கார்டிலிருந்து ரீல்ஸ் வரை

எடிட்டிங் இன்டர்னாகச் சேர்ந்தவுடன் யாரும் டைம்லைனை உங்கள் கையில் கொடுத்துவிடுவதில்லை. ஷூட் முடிந்து வரும் கார்டுகளைத்தான் கொடுப்பார்கள். "இதை டம்ப் பண்ணிடு" என்று ஒரு வரி. அப்புறம் நான்கு நாள் கழித்து, "யூடியூபுக்கு ஒண்ணு, ரீல்ஸுக்கு ஒண்ணு, வாட்ஸ்அப்ல அனுப்ப ஒண்ணு எடுத்துக் கொடு" என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பொதுவாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு செய்யும் ஒரு பட்டறையில் ஒரு நாள் ஷூட், தேதி 2025 ஜூன் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சோனி கேமரா, தனியாக ஒரு ஆடியோ ரெக்கார்டர், பட்டறைக்காரரின் மகன் தன் போனில் எடுத்த சில கிளிப்புகள். கடைசியில் வரவேண்டியது ஆறு நிமிடப் படம் ஒன்றும், அதிலிருந்து சில ரீல்ஸும்.

கார்டு கைக்கு வந்ததும்

சோனி கார்டைத் திறந்தால் `PRIVATE` என்ற ஃபோல்டர், அதற்குள் `M4ROOT`, அதற்குள் `CLIP`. அங்கேதான் `C0001.MP4`, `C0002.MP4` என்று வீடியோக்கள் வரிசையாக இருக்கும். இரண்டாவது கேமராவின் கார்டைத் திறங்கள். அங்கும் `C0001.MP4`. முதல் கேமராவில் மதியம் மாற்றிய இரண்டாவது கார்டிலும், செட்டிங் அப்படி இருந்தால், மறுபடி `C0001.MP4`. ஒரே நாளில், ஒரே பெயரில், மூன்று வெவ்வேறு வீடியோ.

இதில்தான் நான் மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். `footage` என்று ஒரு ஃபோல்டர் போட்டு, A கேமராவின் 41 கிளிப்பையும் அதில் காப்பி செய்தேன். அடுத்து B கேமராவின் 38 கிளிப். விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டது. அதில் முதலில் இருந்தது `Replace the files in the destination`. சாப்பாட்டு நேரம் வேறு. அதையே அழுத்திவிட்டுப் போய்விட்டேன். மாலையில் சீனியர் எடிட்டர் கேட்டார்: "ஏம்பா, A கேமரா எங்க?" ஃபோல்டரில் 79 கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் 41 இருந்தது. அதில் 38, B கேமராவுடையது. A கேமராவில் மிஞ்சியது கடைசி மூன்று மட்டும். கார்டை அதற்குள் ஃபார்மட் செய்து அடுத்த ஷூட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

அதனால் முதல் வேலை, காப்பி செய்யும் முன்பே ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் போடுவது. A கேமராவின் முதல் கார்டு A01, இரண்டாவது A02, B கேமராவுடையது B01, ரெக்கார்டர் R01, போன் PH01. மொத்த வேலைக்கும் நான் போடும் அமைப்பு இது:

```
20250614_NKL
  01_FOOTAGE
    A01
    A02
    B01
    PH01
  02_AUDIO
    R01
  03_GRAPHICS
  04_MUSIC
  05_PROJECT
  06_EXPORT
    REVIEW
    MASTER
    FINAL
  07_DOCS
```

NKL என்பது நாச்சியார்கோயிலுக்கு நாம் வைத்துக்கொண்ட சுருக்கம். எண்களை முன்னால் போடுவது அழகுக்காக அல்ல. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஃபோல்டர்கள் இதே வரிசையில் நிற்கும். ஒரு மாதத்தில் கண் பழகிவிடும். இந்தக் காலி அமைப்பை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வேலைக்கும் அதையே காப்பி எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றலாம்.

கார்டிலிருந்து வீடியோக்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். `PRIVATE` ஃபோல்டரை அப்படியே, முழுசாக, A01-க்குள் போடுங்கள். வீடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் `C0001M01.XML` போன்ற சின்ன ஃபைல்களில் அந்தக் கிளிப்பைப் பற்றிய தகவல் இருக்கிறது. இன்று வேண்டாததுபோலத் தெரிந்தாலும் சில மென்பொருள்கள் அதைத் தேடும். கட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், எப்போதும் காப்பி. நடுவில் கேபிள் அசைந்தால் கட் செய்தவனுக்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

காப்பி முடிந்ததா என்பதைப் பச்சைப் பட்டை மறைந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது. கார்டிலுள்ள `PRIVATE` மேல் ரைட் கிளிக் செய்து `Properties` பாருங்கள். டிஸ்க்கில் உள்ளதன் மேலும் பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே ஜிபியில் வரும் எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் உள்ள நீளமான எண்தான் கணக்கு. பிறகு முதல் கிளிப், கடைசி கிளிப், இருப்பதிலேயே பெரிய கிளிப் மூன்றையும் திறந்து, நடுவிலும் முடிவிலும் ஓட்டிப் பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் டெராகாப்பி என்ற மென்பொருளில் சரிபார்க்கும் வசதி உண்டு. டாவின்சி ரிசால்வின் `Media` பக்கத்தில் உள்ள `Clone Tool`-ம் இதே வேலையைச் செய்யும், இலவசப் பதிப்பிலேயே.

இரண்டாவது டிஸ்க்குக்கும் நேராகக் கார்டிலிருந்தே காப்பி எடுப்பது நல்லது. முதல் காப்பியில் ஒரு கிளிப் கெட்டிருந்தால், அதிலிருந்து எடுத்த இரண்டாவதும் கெட்டதாகத்தான் இருக்கும். இரண்டு காப்பியும் சரிபார்த்த பிறகு கார்டு உறையில் ஒரு துண்டு டேப் ஒட்டி "A01 – 2 காப்பி" என்று எழுதி கேமராமேனிடம் கொடுங்கள். ஃபார்மட் செய்வது அவர் வேலை, அதுவும் கேமராவுக்குள். நீங்கள் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யாதீர்கள்.

கேமரா வைத்த பெயரை மாற்றலாமா?

இதில் ஆளாளுக்கு ஒரு கட்சி. எல்லா கிளிப்பையும் `A01_C0001.MP4` என்று மாற்றிவிட வேண்டும் என்பார்கள் சிலர். அதில் நியாயம் இருக்கிறது. பின்னாளில் டிஸ்க் மாறி, பிரீமியர் எல்லாக் கிளிப்பையும் தொலைத்துவிட்டு `Link Media` என்று கேட்கும்போது, அது பெரும்பாலும் பெயரை வைத்துத்தான் தேடும். B01-இன் C0001-க்குப் பதிலாக A01-இன் C0001-ஐப் பிடித்துக்கொண்டு "கிடைத்துவிட்டது" என்று சொல்லவும் வாய்ப்புண்டு. பட்டறைக்காரர் பேசும் இடத்தில் திடீரென உலை எரிந்தால் இதுதான் காரணம்.

என் வழக்கம் வேறு. கார்டு காப்பியைத் தொடுவதில்லை. ஃபோல்டர் பெயரே அடையாளம். ஷூட்டுக்கு முன்னால் கேமராமேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். புதிய சோனி கேமராக்கள் பலவற்றில் ஃபைல் பெயரின் முன்பகுதியை நாமே வைக்கும் வசதி மெனுவில் இருக்கிறது. A கேமராவில் ஒரு பெயர், B கேமராவில் ஒரு பெயர் என்று வைத்து, எண்ணிக்கை `Series`-இல் ஓடும்படி விட்டால், கார்டு மாறினாலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. சிக்கல் பிறக்கும் இடத்திலேயே தீர்ந்துவிடும். அந்த வசதி இல்லாத கேமராவாக இருந்தால், ஸ்டுடியோவில் எது வழக்கமோ அதைச் செய்யுங்கள். ஆனால் பெயர் மாற்றுவதென்றால் எடிட்டில் இறக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். இறக்கிய பிறகு வெளியே பெயரை மாற்றினால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாக `Media Offline` வரும்.

எடிட்டிங் மென்பொருளுக்குள் கிளிப்புக்குப் பெயர் வைப்பது வேறு விஷயம். பிரீமியரின் `Bin`-இல் `C0012` என்பதை `BRL_kadaisal_close` என்று மாற்றினால் டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். பேட்டிக்கு INT, காட்சித் துணுக்குகளுக்கு BRL, இடத்தின் சத்தத்துக்கு AMB என்று மூன்றெழுத்து முன்னால் இருந்தால் போதும். அதோடு `07_DOCS`-இல் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதில் தமிழிலேயே எழுதலாம்:

```
A01 C0012  கடைசல் மெஷின், பித்தளைச் சீவல் பறக்குது, நல்ல ஷாட்
A01 C0015  பித்தளை ஊற்றுவது, 0:40-க்கு மேல் ஃபோகஸ் போச்சு
B01 C0003  பேட்டி, "அப்பா காலத்துல" என்று தொடங்கும் இடம் 4:10
```

எடிட்டர் கட்டுக்கு உட்காரும்போது முதலில் தேடுவது இதைத்தான். எல்லாக் கிளிப்பையும் எழுத வேண்டியதில்லை. மிக நல்லது, மிக மோசமானது, பேட்டியில் முக்கியமான வரி தொடங்கும் இடம், அவ்வளவுதான்.

போன் கிளிப் தரும் தலைவலி

பட்டறைக்காரரின் மகன் எடுத்ததை எப்படி வாங்கினீர்கள் என்பது முதல் கேள்வி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியிருந்தால் அது சுருங்கி, தரம் போய்த்தான் வந்திருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் போடச் சொல்லுங்கள். கேபிள் போட்டு எடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கு உடனே தெரியாது. கேமரா நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் கடைசிவரை 25 ஃப்ரேம்தான் எடுக்கும். போன் அப்படியல்ல. வெளிச்சம் குறைந்தாலும், சூடு ஏறினாலும், ஃப்ரேம்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். டைம்லைனில் போட்டால் தொடக்கத்தில் உதடும் பேச்சும் சரியாக இருக்கும்; ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். எடிட்டர் உங்களைப் பார்ப்பார்.

மீடியாஇன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறங்கள். `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று இருந்தால் இதுதான் நோய். மருந்து ஹேண்ட்பிரேக். கிளிப்பை அதில் போட்டு, `Video` பகுதியில் ஃப்ரேம் ரேட்டை 30 என்று வைத்து, `Constant Framerate`-ஐத் தேர்ந்தெடுங்கள். தரத்துக்கான `RF` எண்ணை 16 அல்லது 18 அளவில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். வந்ததை `PH01_CFR` என்று பக்கத்திலேயே வேறு ஃபோல்டரில் வைத்து, எடிட்டில் அதை மட்டும் பயன்படுத்துங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.

போனில் 30, கேமராவில் 25 என்றிருப்பதால் 25 டைம்லைனில் போன் கிளிப்பின் அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியலாம். ஓடும் வண்டி போன்ற காட்சிகளில் உறுத்தும், நின்ற இடத்தில் வேலை செய்பவரின் காட்சியில் யாருக்கும் தெரியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் 25 ஃப்ரேமில் எடுப்பதுதான் வசதி. அதனால் டைம்லைனை 30-க்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்காதீர்கள். பெரும்பான்மை ஃபுட்டேஜ் எதுவோ அதுதான் டைம்லைன்.

"ஃபைனல்" என்ற சொல்லைத் தடை செய்யுங்கள்

`final.mp4`, `final_new.mp4`, `final_final_ok.mp4`. சிரிப்பீர்கள், ஆனால் இரவு பதினொரு மணிக்கு நீங்களும் இதையே செய்வீர்கள். நான் வைக்கும் பெயர் இப்படி இருக்கும்:

```
20250614_NKL_MAIN_16x9_v03.mp4
20250614_NKL_REEL01_9x16_v02.mp4
```

முதலில் ஷூட் தேதி, வருடம் முன்னால். நாள் முன்னால் வந்தால் ஜனவரி 14-ம் ஜூன் 14-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். எக்ஸ்போர்ட் செய்த தேதியைப் போடுவதில்லை, அதைக் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்கிறது. பிறகு வேலையின் சுருக்கம், எந்த வீடியோ, எந்த வடிவம், எத்தனாவது வெர்ஷன். `16:9` என்று எழுத விண்டோஸ் விடாது, முக்காற்புள்ளி அங்கே தடை, அதனால் x. ஒன்பது வரை `v1` போட்டுவிட்டுப் பத்துக்கு வந்தால் சில இடங்களில் `v10` என்பது `v2`-க்கு முன்னால் போய் நிற்கும். முதலிலிருந்தே `v01`.

இடைவெளிக்குப் பதில் அண்டர்ஸ்கோர். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஜிப் செய்து, எங்கோ ஒரு சர்வர் வழியாகப் போய், வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கும்போது `விளக்கு` என்பது கேள்விக்குறிகளாக மாறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழை டெக்ஸ்ட் ஃபைலுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

வெர்ஷன் எண் எப்போது ஏறும்? வீடியோ உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு முறையும். ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினாலும் அடுத்த எண்தான். டைம்லைனையும் அப்போதே ஒரு காப்பி எடுத்து அதே எண்ணை வையுங்கள். `20250614_NKL_MAIN_16x9_v03.mp4` எந்த சீக்வன்ஸிலிருந்து வந்தது என்று கேட்டால், `NKL_MAIN_16x9_v03` என்ற சீக்வன்ஸிலிருந்து என்பதுதான் பதிலாக இருக்க வேண்டும்.

கிளையன்ட் பார்க்க அனுப்பும் பிரதியில் வெர்ஷன் பெயரையும் ஓடும் நேரத்தையும் திரையிலேயே பதித்துவிடுங்கள். ரிசால்வில் `Data Burn-In`, பிரீமியரில் எக்ஸ்போர்ட் பக்கத்தின் `Effects` பகுதியில் `Timecode Overlay`, `Name Overlay`. இது இல்லாவிட்டால், "அண்ணே அந்த ரெண்டாவது வீடியோல பேர் தப்பா இருக்கு" என்று வாய்ஸ் நோட் வரும். எந்த இரண்டாவது? யார் பெயர்? பதித்திருந்தால், "v03, 1:12" என்று வரும். 720 அளவில் சின்ன ஃபைலாக இருந்தால் போதும், இது பார்ப்பதற்கு மட்டும்தான்.

கிளையன்ட் சரி என்று சொன்ன வெர்ஷன் எதுவோ, அந்த டைம்லைனிலிருந்து எடுத்தவை மட்டும் `FINAL` ஃபோல்டருக்குப் போகும். அப்போதும் பெயர் மாறாது. `FINAL` ஃபோல்டரில் v04 இருக்கிறது என்றால் ஓகே ஆனது v04. அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு இடம்.

இன்னொன்று. லோகோ மெயிலில் வந்தது, அது `Downloads`-இல் இருக்கிறது, அங்கிருந்தே டைம்லைனுக்கு இழுத்துப் போட்டுவிட்டீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் நன்றாக ஓடும். டிஸ்க்கை எடிட்டர் தன் மெஷினில் போட்டால் லோகோ இருந்த இடத்தில் சிவப்பு. எதுவாக இருந்தாலும் முதலில் வேலை ஃபோல்டருக்குள், பிறகுதான் எடிட்டுக்குள்.

எக்ஸ்போர்ட்: முதலில் மாஸ்டர்

ஆறு நிமிடப் படம் ஓகே ஆனதும் நேராக யூடியூபுக்கு எடுத்துவிடாதீர்கள். முதலில் தரம் குறையாத ஒரு மாஸ்டர்: `ProRes 422`, அல்லது `DNxHR HQ`. 1920×1080, நொடிக்கு 25 ஃப்ரேமில் `ProRes 422` சுமார் 122 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 122 மெகாபிட் எடுக்கும். ஃபைல் அளவுக்கான கணக்கு எளிது: எம்பிபிஎஸ் எண்ணை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் எம்பி. ஆறு நிமிடம் என்பது 360 நொடி. 122 × 360 ÷ 8 = 5,490. ஐந்தரை ஜிபி. பெரிய ஃபைல்தான், ஆனால் நாளை யாராவது வேறொரு அளவில் கேட்டால் ப்ராஜெக்ட்டைத் திறக்காமலே இதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

யூடியூபுக்கு: MP4, `H.264`, 1920×1080, 25 ஃப்ரேம், ஆடியோ `AAC` 48 கிலோஹெர்ட்ஸ். டைம்லைன் 25 என்றால் எக்ஸ்போர்ட்டும் 25, அதை 30 ஆக்க வேண்டாம். பிட்ரேட்டுக்கு யூடியூபே சொல்வது, 1080-இல் இந்த ஃப்ரேம் ரேட்டுக்கு 8 எம்பிபிஎஸ். நான் 16 வைக்கிறேன். யூடியூப் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறது, அதனிடம் கொஞ்சம் நல்ல சரக்காகக் கொடுப்போம் என்றுதான். ஆறு நிமிடத்துக்கு 720 எம்பி வரும். 4K-யாகவே எடுத்தால் யூடியூப் சொல்வது 35 முதல் 45 வரை. ஏற்றி முடித்தவுடன் வீடியோ மங்கலாகத் தெரிந்தால் பதறி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். குறைந்த தரப் பிரதிதான் முதலில் தயாராகும். எச்டி வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒலி அளவு: யூடியூப் -14 LUFS-க்கு மேல் சத்தமாக இருப்பதைக் குறைத்துவிடும். குறைவாக இருப்பதை ஏற்றிக் கொடுக்காது. அதனால் -22-இல் விட்டால் உங்கள் படம் மட்டும் பக்கத்து வீடியோவைவிடக் கம்மியாகக் கேட்கும். லவுட்னெஸ் மீட்டரில் முழுப் படத்துக்கும் -14 அளவில், உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள்.

ரீல்ஸ் என்பது வெட்டிய மாஸ்டர் அல்ல

இன்டர்ன்கள் செய்யும் பெரிய தப்பு இங்கேதான். மாஸ்டரை எடுத்து, 1080×1920 சீக்வன்ஸில் போட்டு, திரை நிறையும் வரை பெரிதாக்கி எக்ஸ்போர்ட் செய்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாஸ்டரின் உயரம் 1080. அதில் 9:16 வடிவத்தில் ஒரு துண்டு வெட்டினால் அகலம் சுமார் 608 பிக்சல்தான். அதை 1080-க்கு இழுக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. விளக்கின் நுண்ணிய வேலைப்பாடு எல்லாம் குழம்பிவிடும். கீழே போட்ட தமிழ்ப் பெயர்ப்பட்டையும் பாதி வெட்டுப்படும்.

கேமரா எடுத்தது 4K, அதாவது 3840×2160. அதில் அதே துண்டை வெட்டினால் 1215×2160 கிடைக்கும். நமக்கு வேண்டியது 1080×1920. இழுக்கவே வேண்டாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. ஆகவே ரீலுக்குத் தனி சீக்வன்ஸ் போட்டு, எழுத்துகள் இல்லாமல், அசல் கிளிப்புகளைக் கொண்டு வந்து, ஒவ்வொரு ஷாட்டிலும் விளக்கோ முகமோ நடுவில் வரும்படி நகர்த்துங்கள். இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் நிற்கும் ஷாட் எந்த வித்தையிலும் செங்குத்தாக வராது. அதை விட்டுவிட்டு B கேமராவின் நெருக்க ஷாட்டைத் தேடுங்கள்.

எழுத்து எங்கே வைக்கலாம் என்பது அடுத்தது. ரீல்ஸில் கீழே பெயரும் கேப்ஷனும், வலது பக்கம் லைக் பட்டன்களும் படத்தின் மேலேயே வந்து உட்காரும். ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா சொல்லும் அளவு, மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரண்டு ஓரங்களிலும் 6 சதவீதம் காலியாக விடுங்கள் என்பது. 1920-இல் மேலே சுமார் 270 பிக்சல், கீழே 670 பிக்சல். விளம்பரம் இல்லாவிட்டாலும் இதைப் பிடித்துக்கொண்டால் வம்பில்லை. இந்த அளவில் ஒரு கோடு போட்ட படத்தைச் செய்து `03_GRAPHICS`-இல் வைத்து, சீக்வன்ஸின் மேல் டிராக்கில் போட்டு வேலை செய்யுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் அந்த டிராக்கை அணைக்க வேண்டும். நான் ஒரு தடவை அணைக்கவில்லை. சிவப்புக் கோட்டோடு ரீல் போய், இருபது நிமிடம் கழித்துத்தான் கவனித்தோம்.

யூடியூப் ஷார்ட்ஸுக்கும் இதே 9:16 ஃபைல் போதும். 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை ஷார்ட்ஸாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நல்ல ரீலை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, போஸ்ட் போடுபவருக்கு அதை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் இதுவரை செய்ததெல்லாம் வீண். அது அங்கே ஒரு முறை சுருங்கும், இன்ஸ்டாகிராமில் இன்னொரு முறை சுருங்கும். டிரைவ் லிங்க் கொடுங்கள், இல்லையென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்; டாக்குமெண்டாக 2 ஜிபி வரை போகும்.

வாட்ஸ்அப், பென்டிரைவ்

"சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும், சின்னதா கொடுங்க" என்று பட்டறைக்காரர் கேட்பார். 720 எம்பியை அனுப்பினால் யாரும் டவுன்லோட் செய்யமாட்டார்கள். 1280×720, 2 எம்பிபிஎஸ்: 2 × 360 ÷ 8 = 90 எம்பி, ஆடியோவுக்கு ஐந்தாறு எம்பி கூட. `_720_WA` என்று பெயரில் சேர்த்துவிடுங்கள், யாரும் அதைத் தவறி யூடியூபில் ஏற்றக்கூடாது.

விழா மேடையில் டிவியில் போட பென்டிரைவில் கேட்டால் மாஸ்டரைக் கொடுக்காதீர்கள். `FAT32`-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. ஏற்றினாலும் டிவிக்கு `ProRes` தெரியாது. யூடியூபுக்கு எடுத்த MP4-ஐக் கொடுத்து, முடிந்தால் அந்த டிவியிலேயே முதல் நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன்

டைம்லைனில் பார்த்ததை வைத்து அனுப்பக்கூடாது. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை, எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரு முறை பார்க்க வேண்டும். ஆறு நிமிடம்தானே. முதலில் நீளத்தைப் பாருங்கள். 6:04 வரவேண்டியது 48 நிமிடம் காட்டினால், டைம்லைனின் கடைக்கோடியில் ஏதோ ஒரு துண்டு கிளிப் மறந்து கிடக்கிறது, நடுவில் எல்லாம் கறுப்பு. 1:30-இல் நின்றால் பழைய இன், அவுட் குறிகளை எடுக்கவில்லை.

பிறகு ஹெட்போனில் இரண்டு காதிலும் பேச்சு வருகிறதா என்று கேளுங்கள். காலர் மைக் இடது சேனலில் மட்டும் பதிவாகி அப்படியே போய்விடுவது அடிக்கடி நடக்கும். ஸ்பீக்கரில் கண்டுபிடிக்கவே முடியாது. பெயர்ப்பட்டையில் உள்ள பெயரை, கிளையன்ட் எழுதிக் கொடுத்ததோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ரீலை மட்டும் உங்கள் போனில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, போன் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள்.

எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, கேஷ், ப்ராக்ஸி ஃபைல்களை அழித்து இடம் மீட்கலாம். அவை மறுபடி உருவாகும். `01_FOOTAGE`, `02_AUDIO` ஆகியவற்றின் மேல் கை வைக்க வேண்டாம். ரிசால்வில் வேலை செய்திருந்தால் இன்னொரு படி உண்டு. அதன் ப்ராஜெக்ட் பிரீமியர் போல ஒரு ஃபைலாக ஃபோல்டரில் இருக்காது, அந்தக் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸுக்குள் இருக்கும். ப்ராஜெக்ட்டை `.drp` ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து `05_PROJECT`-இல் போடாமல் டிஸ்க்கை அலமாரிக்கு அனுப்பினால், ஃபுட்டேஜ் இருக்கும், எடிட் இருக்காது. போட்டுவிட்டு, டிஸ்க்கின் மேல் மார்க்கரால் `20250614_NKL` என்று எழுதி, இரண்டாவது காப்பி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதையும் அதற்குக் கீழே எழுதுங்கள்.